"உனக்குத் தோதுப்படுமா?"

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது.

"நண்பர்களே, நாளை வீடு மாற்றுகிறேன். காலை 7 மணிக்கு அனைவரும் கண்டிப்பாக வந்துவிடவும். முன்கூட்டியே நன்றி."

குழுவில் பதினான்கு பேர். மறுநாள் போனது இரண்டே பேர். நானே ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பீரோ இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது. நண்பரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு புத்தகப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே குட்டியானை ஓட்டுநர், அடுத்த சவாரி இருக்கிறது என்று மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தார். நண்பர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு பல மாதம் அந்தக் குழுவில் அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

வராத நண்பர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருவன் பிறகு என்னிடம், "அவன் கூப்பிட்டானா, ஆர்டர் போட்டானா?" என்று கேட்டான். இத்தனைக்கும் செய்தி அனுப்பியவர், என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு ராத்திரி வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். அதிர்ந்துகூடப் பேசமாட்டார். அவர் மனசில் இல்லாத அதிகாரம் அவர் எழுதிய மூன்று வரியில் எப்படி வந்தது? அதை யோசித்துப் பார்த்தால், உதவி கேட்கும் செய்தி எங்கே கோணலாகிறது, அதை எப்படி நிமிர்த்துவது என்பது தெரிந்துவிடும்.

அழைப்பின் மொழியும் உதவியின் மொழியும்

முதலில் "கண்டிப்பாக" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, "குடும்பத்தோட கண்டிப்பா வந்துடணும்" என்று சொல்வது நம் ஊரில் அன்பு. அப்படி அழுத்திச் சொல்லாவிட்டால்தான் வருத்தம். "முடிஞ்சா வாங்க" என்று கல்யாணத்துக்கு அழைத்தால் அழைக்காததற்குச் சமம். காரணம் எளிது: வருகிறவருக்கு அங்கே விருந்து, மரியாதை, சொந்தபந்தங்களைப் பார்க்கும் சந்தோஷம் எல்லாம் இருக்கிறது. நல்லதைக் கொடுக்கும்போது வற்புறுத்தலாம். இன்னொரு இட்லி வைக்கும்போது யாரும் அனுமதி கேட்பதில்லை.

வீடு மாற்றும் வேலையில் நிலைமை தலைகீழ். வருகிறவர் தன் விடுமுறை நாளையும் இடுப்பையும் தோளையும் கொடுக்கிறார். நன்மை கேட்பவருக்கு. அங்கே அதே "கண்டிப்பா" போய் உட்கார்ந்தால் அது வற்புறுத்தலாகவே கேட்கும். என் நண்பர் செய்த தவறு இதுதான். பதினான்கு பேரையும் அன்போடு அழைப்பதாக நினைத்து, அழைப்பிதழின் மொழியில் கூலியில்லாத வேலையைக் கேட்டுவிட்டார்.

இரண்டாவது, "வந்துவிடவும்." தமிழில் "வா" என்பதோடு "விடு" சேர்ந்தால் காரியம் முடிவாகிவிட்ட தொனி வரும். "வாங்க" என்பதில் இருக்கும் இடைவெளி "வந்துடுங்க" என்பதில் இல்லை. அதன் மேல் "வும்" சேரும்போது அது நோட்டீஸ் பலகையின் மொழியாகிறது. "செருப்பை வெளியே விடவும்", "கட்டணத்தைச் செலுத்தவும்" என்று எழுதும் இடத்தில் எழுதியவருக்கு முகமில்லை, படிப்பவருக்குப் பதில் சொல்லும் உரிமையில்லை. எழுத்துத் தமிழில் எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறோம். தினமும் "டா" போட்டுப் பேசும் நண்பனுக்கு அது சுற்றறிக்கையாகத்தான் போய்ச் சேரும்.

மூன்றாவது, "முன்கூட்டியே நன்றி." அலுவலகக் கடிதங்களிலிருந்து வந்த வழக்கம் இது. வருகிறேன் என்று அவர் சொல்வதற்கு முன்பே நன்றி சொல்லிவிட்டால், அவர் சம்மதத்தை நாமே எடுத்துக்கொண்டதாக ஆகிறது. மறுக்க நினைப்பவர், வாங்கிய நன்றியைத் திருப்பிக் கொடுக்கிற சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறார். மொத்தச் செய்தியிலும் நன்றி என்ற சொல் இருந்த ஒரே இடம் அதுதான். அதுவே அதிகமாக உறுத்தியது.

நான்காவது, "அனைவரும்." பதினான்கு பேரைக் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் மற்ற பதின்மூன்று பேர் போவார்கள் என்று நினைப்பார்கள். தன்னை நினைத்துக் கேட்டதாக ஒருவருக்கும் தோன்றாது. யார் போனாலும் சரி என்ற வேலைக்கு நான் எதற்கு என்றுதான் மனசு போகும்.

வெட்கம் அதிகாரமாக மாறும் இடம்

இவ்வளவு நல்ல மனிதர் ஏன் அப்படி எழுதினார்? பிறகு ஒருநாள் அவரே சொன்னார். "ஒரு வாரமா போனை எடுத்து எடுத்து வெச்சேன். கேக்கவே கூச்சமா இருந்துச்சு. கடைசியில ராத்திரி அவசர அவசரமா அடிச்சு அனுப்பிட்டேன்." கூச்சத்தால் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதால் நேரமில்லாமல் போனது. நேரமில்லாததால் ஒவ்வொருவராகக் கேட்க முடியாமல் குழுவில் போட்டார். கூச்சம் தெரியக்கூடாது என்பதால் வாக்கியத்தை விறைப்பாக்கினார். படித்தவர்களுக்குத் தெரிந்தது அந்த விறைப்பு மட்டும்தான்.

இந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸ்ஸா லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் சின்னச் சின்ன உதவிகளைக் கேட்கச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். போவதற்கு முன், எத்தனை பேரைக் கேட்டால் தேவையான அளவு ஆட்கள் சம்மதிப்பார்கள் என்று ஒவ்வொருவரையும் ஊகிக்கச் சொன்னார்கள். உண்மையில் கேட்க வேண்டியிருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் பயந்திருந்தார்கள். கேட்பவர் அந்த உதவி எவ்வளவு பெரிது என்பதையே எண்ணிக்கொண்டிருக்கிறார். முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது எதிரிலிருப்பவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதை அவர் எண்ணுவதில்லை என்று காரணம் சொன்னார்கள்.

இதிலிருந்து இரண்டு பாடம் கிடைக்கிறது. ஒன்று, தைரியமாகக் கேட்கலாம். நாம் பயப்படும் அளவுக்கு யாரும் மறுக்கமாட்டார்கள். இன்னொன்று இதைவிட முக்கியம். மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம் என்பதால்தான் பல சமயம் "சரி" வருகிறது. அப்படியென்றால் மறுப்பதை எளிதாக்கிக் கொடுக்க வேண்டியது கேட்பவரின் கடமையாகிறது. இடுப்புவலியோடு வந்து பெட்டி தூக்கிவிட்டு ஒரு வாரம் படுத்துக்கிடக்கும் நண்பனின் சம்மதம் நமக்கு வேண்டாம்.

கேட்பது எப்படியும் எதிரிலிருப்பவரின் சுதந்திரத்தைத் தொடும் என்பதை விரிவாக எழுதியவர்கள் பெனலோபி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இரண்டு மொழியியலாளர்கள். 1978-இல் நீண்ட கட்டுரையாக வெளிவந்து, 1987-இல் புத்தகமான அவர்களுடைய ஆய்வு உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்ட பேச்சு அதில் இருக்கிறது. ஒரு வேண்டுகோள் எவ்வளவு கனமானது என்பதை அவர்கள் மூன்றைக் கூட்டிச் சொல்கிறார்கள்: இருவருக்கும் உள்ள நெருக்கம் அல்லது தூரம், இருவரில் யாருக்கு அதிகாரம், கேட்கும் காரியத்தின் அளவு. கனம் கூடக்கூட வாக்கியம் சுற்றி வளைத்துப் போகும். குறைந்தால் நேராகப் போகும்.

நம் வீட்டில் இது தினமும் நடக்கிறது. நெருங்கிய நண்பனிடம் "தயவுசெய்து வர முடியுமா?" என்று கேட்டால், "என்னடா புதுசா தயவுசெய்துன்னு?" என்று அவனுக்கு வலிக்கும். அதிக மரியாதை நெருக்கத்தைக் குறைத்துவிடுகிறது. அதே கேள்வியை "வந்துடு" என்று அலுவலக சீனியரிடம் கேட்க முடியாது. ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

செய்திக்கு முன் ஒரு நோட்டு

போன வருஷம் அதே நண்பர் மறுபடி வீடு மாறினார். வேளச்சேரியில் மூன்றாவது மாடியிலிருந்து மேடவாக்கத்தில் முதல் மாடிக்கு. இந்த முறை பத்து நாளுக்கு முன்பே என்னைக் கூப்பிட்டு, "செய்தியை நீயே எழுதிக் குடு" என்றார். எழுதுவதற்கு முன்னால் நாங்கள் ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி பிரித்தோம்: காசு கொடுத்துச் செய்ய வேண்டியது, தாங்களே செய்ய வேண்டியது, நண்பர்களிடம் கேட்கக்கூடியது.

முதல் பத்தியில் பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில். இவை தொழில் தெரிந்தவர்களின் வேலை. மாடிப்படியில் பீரோவை இறக்கும்போது கீழே நிற்பவர் மேல் பாரம் அதிகம் விழும். பழகாதவர் ஒரு படி தவறினால் கால் போய்விடும். ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்துவிட்டால் போன இடத்தில் சில மணி நேரம் நிற்கவிட்டுத்தான் ஸ்விட்ச் போடலாம். இதற்கெல்லாம் மூன்று லோடுமேன்களும், இரண்டு நடைக்குக் குட்டியானையும் பேசிக்கொண்டார். ஏ.சி.யைக் கழற்ற மெக்கானிக்.

இரண்டாவது பத்தியில் பத்திரங்கள், நகை, கேஸ் சிலிண்டர், சாமி படங்கள். இவை வீட்டுக்காரர்கள் கையிலேயே இருக்க வேண்டியவை. வேறொருவர் பொறுப்பில் கொடுத்து, ஒன்று காணாமல் போனால் நட்பும் சேர்ந்து போகும்.

மூன்றாவது பத்தியில் மிச்சம் என்ன என்று பார்த்தோம். ஐந்தே வேலை. சனிக்கிழமை சாயங்காலம் புத்தகம் கட்ட ஒருவர். அதே நேரம் சமையலறைப் பாத்திரம் கட்ட ஒருவர். ஞாயிறு காலை சாமான் ஏறும்போது கீழே வண்டி பக்கத்தில் நிற்க ஒருவர். புது வீட்டில் முதல் நடையை வாங்கி, எந்தப் பெட்டி எந்த அறை என்று சொல்ல ஒருவர். நான்கு வயசுக் குழந்தையைக் காலை முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒருவர். பாத்திரத்துக்குத் தங்கை வந்துவிடுவாள். ஆக, கேட்க வேண்டியது நான்கே நான்கு பேரை. முதல் முறை பதினான்கு பேரைக் கூப்பிட்டதற்குக் காரணம் வேலையை எண்ணாததுதான்.

நோட்டு போடுவது செய்திக்கு வெளியே இருக்கும் வேலை போலத் தோன்றலாம். ஆனால் படிப்பவர் மனசில் நன்றியாகப் போய்ச் சேர்வது இதுதான். "பீரோ, ஃப்ரிட்ஜுக்கு ஆள் சொல்லியாச்சு" என்ற ஒரு வரி, என்னைச் சுமை தூக்க நினைக்கவில்லை, என் உடம்பை யோசித்திருக்கிறான் என்று சொல்லிவிடும். நன்றி என்ற சொல்லே வேண்டாம்.

நான்கு பேர், நான்கு செய்தி

புத்தகம் கட்டக் கேட்டது கல்லூரி நண்பனை. எத்தனை வார்த்தை குறைத்தாலும் உரிமை கெடாத உறவு. அவனுக்கு எழுதியது இது:

"மச்சி, 16-ஆம் தேதி ஞாயிறு வீடு மாறறோம்டா, மேடவாக்கத்துக்கு. பீரோ, ஃப்ரிட்ஜுக்கெல்லாம் ஆள் சொல்லியாச்சு. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் 4-லேர்ந்து 7 வரைக்கும் புஸ்தகம் கட்டறதுக்குக் கூட ஒரு ஆள் இருந்தா பெரிய உதவியா இருக்கும். உனக்குத் தோதுப்படுமா? அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் வாங்கி வெச்சிட்டேன். அன்னிக்கு வேற வேலை இருந்தா தயங்காம சொல்லு, நான் வியாழக்கிழமையே கட்ட ஆரம்பிச்சுடறேன். புதன் ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

இந்தச் செய்தியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாளும் நேரமும் இருக்கிறது. முக்கியமாக, முடியும் நேரம் இருக்கிறது. "4 மணிக்கு வா" என்றால் எப்போது விடுதலை என்று தெரியாது. "4-லேர்ந்து 7" என்றால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவன் மனைவியிடம் சொல்ல முடியும். என்ன வேலை என்பது ஒன்றே ஒன்றாக இருக்கிறது. பெட்டியும் டேப்பும் தயார் என்பதால் வந்தால் நேரம் வீணாகாது என்று தெரிகிறது.

"தோதுப்படுமா?" என்ற கேள்வியை யோசித்துத்தான் போட்டோம். "வருவியா?" என்று கேட்டால் அது அவன் மனசைக் கேட்கிறது, மறுத்தால் மனசில்லை என்று ஆகும். "தோதுப்படுமா?" என்பது அவனுடைய சனிக்கிழமையைக் கேட்கிறது. நாள் சரிப்படவில்லை என்று சொல்வதில் யாருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை. "வர முடியுமா?" என்பதும் நல்லதுதான். "வர முடியாதா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, அது மறுப்பை எதிர்பார்த்து முன்பே குறைபட்டுக்கொள்ளும் கேள்வி. "நீ வந்தாத்தான் நடக்கும்" என்பதும் அப்படியே. கேட்க அன்பாக இருக்கும், மறுப்பவன் தலையில் முழுப் பாரத்தையும் வைத்துவிடும்.

மறுக்க வழி விடும் வரியை எழுதும்போது, மாற்று ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "முடியலைன்னா பரவாயில்லை" என்று மட்டும் எழுதினால் அது சம்பிரதாயம். "நான் வியாழக்கிழமையே கட்ட ஆரம்பிச்சுடறேன்" என்று சேர்த்தால்தான், நான் வராவிட்டாலும் இவன் வீடு மாறிவிடுவான் என்று நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையோடு வருகிற சம்மதம்தான் மனசார வருவது.

புது வீட்டில் இருக்கக் கேட்டது அலுவலக சீனியர் ஒருவரை. மேடவாக்கத்திலேயே குடியிருப்பவர். முதுகில் ஆபரேஷன் ஆனவர். முதலில் நண்பர் அவரைக் கேட்கவே வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் அந்த வேலையில் தூக்குவதற்கு ஒன்றுமில்லை.

"சார், வணக்கம். 16-ஆம் தேதி ஞாயிறு உங்க ஏரியாவுக்குக் குடி வர்றோம். காலைல முதல் வண்டி வர்ற நேரம், 9-லேர்ந்து 11 வரைக்கும், புது வீட்டுல நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா நிம்மதியா இருக்கும்னு தோணுது. தூக்கற வேலை எதுவும் இல்ல சார், ஆளுங்க இருக்காங்க. எந்தப் பெட்டி எந்த ரூம்னு பெட்டி மேலயே எழுதியிருக்கும், பார்த்துச் சொன்னாப் போதும். உங்களுக்கு அன்னிக்கு வசதிப்படுமா சார்? இல்லைன்னா ஹவுஸ் ஓனரையே இருக்கச் சொல்லிக்கறேன், சிரமப்பட வேண்டாம்."

அவர் பதில் உடனே வந்தது. "முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் என்னை யாரும் எதுக்கும் கூப்பிடறதில்ல. நாற்காலி மட்டும் ஒண்ணு போடுங்க" என்று எழுதியிருந்தார். அவரால் முடிந்ததைத் தேர்ந்து கேட்டது அவருக்கு மரியாதையாகப் பட்டிருக்கிறது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கேட்டது பழைய வீட்டுக் கீழ்த்தள அக்காவை. அவருக்குச் செய்தி அனுப்பவில்லை. நண்பரின் மனைவி நேரில் போய்க் கேட்டார். தினமும் முகம் பார்க்கும் மூத்தவரிடம் போனில் எழுதிக் கேட்பதே தூரமாகத் தெரியும். நேரில் கேட்டுவிட்டு, நாளும் நேரமும் மறக்காமலிருக்கப் பின்னால் ஒரு செய்தி போட்டால் அதுதான் முறை. வண்டி பக்கத்தில் நிற்கும் நான்காவது வேலை எனக்கு.

சுருக்கக் கூடாத இரண்டு விஷயம்

உதவி கேட்கும்போது நமக்குக் கைவரும் முதல் சொல் "கொஞ்சம்." "கொஞ்சம் வர்றீங்களா", "ஒரு சின்ன ஹெல்ப்." பேச்சை மென்மையாக்க அது நல்ல சொல். ஆனால் வேலையின் அளவைக் குறைத்துக் காட்ட அதைப் பயன்படுத்தினால் நட்பு அடிவாங்கும். "கொஞ்ச நேர வேலைதான்" என்று கூப்பிட்டுப் பகல் மூன்று மணி வரை நிறுத்திவைத்தவரிடம் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். குரலை எவ்வளவு வேண்டுமானாலும் தாழ்த்தலாம். நேரத்தையும் பாரத்தையும் உள்ளபடி சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பால் காய்ச்சும் அழைப்பை வேலையோடு கலக்கக் கூடாது. ஆடியும் மார்கழியும் கழிந்து நல்ல நாள் பார்த்துத்தான் நம்மில் பலர் குடிபோகிறோம். பால் காய்ச்ச வாங்க என்று அழைத்துவிட்டு, வந்தவர் பட்டுப்புடவையோடு நிற்கும்போது பெட்டியை நீட்டினால் அது பெரிய மனவருத்தம். விருந்தாளியாக அழைத்தவரை விருந்தாளியாகவே வைத்திருக்க வேண்டும். வேலைக்குக் கேட்டவரை வேலைக்கென்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு செய்தி, முடிந்தால் இரண்டு நாள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதுவதிலும் இது உண்டு. "வந்தா பிரியாணி" என்று முதல் வரியில் போட்டால் கூலி பேசுவதுபோல் ஆகிறது. கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு, "டிபன் நம்ம வீட்டுலதான், சாப்பிட்டுட்டு வராத" என்று எழுதினால் அது உபசாரம். சாப்பாடு அதேதான், சொல்லும் இடம்தான் வேறு.

"முடியாது" என்று வந்தால்

புத்தகம் கட்டக் கேட்ட நண்பன் அன்று வர முடியவில்லை. மாமனார் வீட்டில் விசேஷம். செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டான். அதற்கு நண்பர் முதலில் தட்டியது "சரி, பாத்துக்கறேன்" என்று. அனுப்புவதற்கு முன் நிறுத்தினேன். அந்த இரண்டு வார்த்தையில் கோபம் இல்லை என்று எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. "முன்னாடியே சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சுடா, இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன். விசேஷம் நல்லபடியா முடியட்டும். குடி வந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு வா" என்று மாற்றி அனுப்பினோம். கேட்ட செய்தி நன்றியோடு எழுதப்பட்டதா, அதிகாரத்தோடு எழுதப்பட்டதா என்பது மறுப்புக்கு நாம் எழுதும் பதிலில்தான் உறுதியாகிறது. "பரவாயில்லை" என்று செய்தியில் சொன்ன வார்த்தையை அங்கேதான் காப்பாற்ற வேண்டும்.

அந்த வாரம் முழுக்க ராத்திரி ஒரு மணி நேரம் அவரே புத்தகம் கட்டினார். ஒன்று கற்றுக்கொண்டார்: பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் ஒருவரால் தூக்க முடியாது, அடியும் பிய்ந்துவிடும். சின்னப் பெட்டியில் பாதிக்குப் புத்தகம், மேலே துணி. யாரையாவது ஒரு பெட்டி தூக்கச் சொல்ல வேண்டி வந்தாலும், ஒரு கையால் அசைத்துப் பார்த்து அசைந்தால்தான் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை எல்லாம் சொன்னபடி நடந்தது என்று சொல்லமாட்டேன். லோடுமேன்கள் முக்கால் மணி நேரம் தாமதம். முதல் வண்டி மேடவாக்கம் போய்ச் சேர பத்தரை ஆகிவிட்டது. ஆனால் பதினொன்று அடித்ததும் நண்பர் சீனியருக்குப் போன் செய்து, "சார், சொன்ன நேரம் ஆச்சு. என் மச்சினன் வந்துட்டான், நீங்க கிளம்புங்க" என்றார். அவர் இன்னும் அரை மணி நேரம் விரும்பியே இருந்தார். சொன்ன நேரத்துக்கு விடுவித்துவிட்டால், மேற்கொண்டு இருப்பது அவர்கள் தருவது. நாம் பிடுங்கியது ஆகாது.

நன்றியை எப்போது, எப்படி

நெருங்கியவர்களிடம் "நன்றி" என்று சொன்னால் "நமக்குள்ள என்ன நன்றி?" என்று அதட்டுவது நம் வழக்கம். இது நமக்கு மட்டும் உரியதில்லை. சிமியோன் ஃபிளாய்ட், நிக் என்ஃபீல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு மொழிகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். தமிழ் அந்த எட்டில் இல்லை. வேண்டிய உதவி கிடைத்த பிறகு வாய்திறந்து நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதில் ஒரு முறைதான். உப்பை எடுத்துக் கொடுப்பது போன்ற அன்றாட உதவிகளை மனிதர்கள் நன்றி சொல்லாமலே செய்துகொள்கிறார்கள்.

வீடு மாற்றுவது உப்பை நீட்டுவது இல்லை. அரை நாள் உழைப்பு. ஆகவே நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்லும் விதம்தான் கேள்வி. குழுவில் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று போட்டால் அது மறுபடி சுற்றறிக்கை. செய்த காரியத்தைப் பெயர் சொல்லி, தனித்தனியாக எழுதினால்தான் அது நன்றி. நண்பர் அந்தச் சீனியருக்கு இரண்டு நாள் கழித்து எழுதினார்: "சார், பாப்பாவோட ஸ்கூல் பெட்டியைத் தனியா ஜன்னல் பக்கம் வெக்கச் சொன்னீங்களாமே. திங்கக்கிழமை காலைல அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு." நன்றி என்ற சொல் அதில் இல்லை. படித்தவருக்கு அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறீர்களா?

பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் செய்தியை எழுத வேண்டிய நாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால், புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே நோட்டை எடுத்து வேலையை எண்ணிவிடுங்கள். சுமக்க வேண்டியதற்குக் கூலி பேசுங்கள். மிச்சத்துக்கு, ஒரு வேலைக்கு ஒருவராக, முடியும் நேரத்தையும் சேர்த்து, அவரிடம் தினமும் பேசும் தமிழிலேயே கேளுங்கள். சனிக்கிழமை ராத்திரி பத்தே முக்கால் வரை மட்டும் காத்திருக்காதீர்கள்.